மூன்று சொல்லுக்கு ஒரு துறைத்தலைவர்

லத்தீன் துறையை மூட கல்லூரி முதல்வர் முடிவெடுத்த அதே வாரத்தில், பட்டமளிப்பு வாழ்த்து அட்டையில் லத்தீனில் ஒரு வரி வேண்டும் என்றும் முடிவெடுத்தார். படிக்கத்தான் ஆள் இல்லை. அட்டையில் இல்லாவிட்டால் கல்லூரியின் கௌரவம் கப்பலேறிவிடுமாம்.

துறை என்றால் ஒரே ஒரு டீச்சர். ஆண்டுக்காண்டு ஒப்பந்தத்தில் பதினோரு வருஷம் ஓட்டியவள். மாதக் கடைசியோடு சரி. இதை விட்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை. லத்தீன் டீச்சர் தேவை என்று எந்தத் தெருவில் பலகை தொங்குகிறது?

"முப்பதாம் தேதியே சாவியக் குடுத்துடுங்க மேடம்," என்றார் குமாஸ்தா. "ஒண்ணாம் தேதி புது கல்வியாண்டு. அன்னிக்கு பதவியில இருக்கறவங்கள வருஷம் முடியற வரைக்கும் அசைக்க முடியாது. விதி அப்படி."

அந்தச் சமயத்தில்தான் முதல்வர் ஒரு தாளை நீட்டினார். கம்ப்யூட்டர் கொடுத்த வரி: Quod didicistis, doce. "கற்றதைக் கற்பியுங்கள்னு அர்த்தம். சும்மா ஒரு கண்ணு பாத்துடுங்க."

சும்மாவாம்! பதினோரு வருஷம் சும்மாதானே பார்த்தாள்.

"சார், didicistis பல பேரப் பாத்துச் சொல்றது. doce ஒருத்தரப் பாத்துச் சொல்றது. எல்லாரும் படிச்சாங்க, ஒருத்தன் மட்டும் சொல்லிக் குடுன்னு ஆகுது. docete-ன்னு இருக்கணும்."

"யாருக்குத் தெரியப் போகுது?" என்று சிரித்துவிட்டுத் திருத்தச் சொன்னார்.

அச்சகத்திலிருந்து முப்பதாம் தேதி மாதிரிப் பிரதி வந்தது. அதில் didcistis. நடுவில் ஓர் எழுத்தைக் காணோம். அவள் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்பினாள். சாவியையும் கொடுத்தாள்.

மறுநாள் திருத்திய பிரதியோடு அச்சகக்காரரே வந்து நின்றார். தெரியாத மொழியில் அடித்து ஒருமுறை ஆயிரம் அட்டையைக் குப்பையில் கொட்டியவர். சூடு கண்ட பூனை.

"அந்த மொழி தெரிஞ்சவங்க கையெழுத்து, பதவி, முத்திரை மூணும் வேணும் சார். இல்லேன்னா மெஷின ஓட்ட மாட்டேன்."

விழாவுக்கு மூன்றே நாள். வீட்டிலிருந்து டீச்சரை வரவழைத்தார்கள். நேற்று வரை பதவி இருந்தது, இன்றைக்கு இல்லை. முதல்வர் குமாஸ்தாவைக் கூப்பிட்டு அவசர அவசரமாக ஓர் ஆணை அடிக்கச் சொன்னார்: லத்தீன் துறைத்தலைவராக இன்று ஒரு நாள் மட்டும். மூன்று சொல்லைப் பார்க்க ஒரு நாள் பதவி, என்ன தாராளம்!

அவள் பிரதியை எழுத்தெழுத்தாகப் படித்தாள். அவசரமே படவில்லை. சரியாக இருந்தது. கையெழுத்திட்டு, பதவி எழுதி, முத்திரை குத்தி, தேதியும் போட்டாள். ஆணையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அண்ணே, இன்னிக்கு ஒண்ணாம் தேதிதானே?"

"ஆமா மே..." குமாஸ்தாவின் வாய் பாதியில் நின்றது. முதல்வர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்போ அந்தச் சாவியக் குடுங்க," என்றாள் டீச்சர். "டைம்டேபிள் நாளைக்கு வந்து வாங்கிக்கறேன்."