நூற்றிருபதில் முதலாவது

சுமித்திரா என்னுடைய ஸ்ருடியோவுக்கு வந்தபோது அவளுடைய புருசன் சிவகரன் செத்துப் பதினாறு நாள். கூட அவனுடைய தங்கச்சி யதுர்ஷிகா. சுமித்திரா கதிரையில் உட்காரவில்லை. போனை நீட்டினாள்.

"இந்த ஒரு படந்தான் அண்ணை இருக்கு. மில்லுக்கை நிண்டு எடுத்தது."

முரசுமோட்டைப் பக்கம் ராஜரத்தினத்தின் அரிசி மில். சிவகரன் அங்கே நாலு வருசம் மூட்டை தூக்கினவன். லொறிக்கு ஏற்றும்போது நனைந்த பலகை வழுக்கி, மூட்டையோடு விழுந்து, மூட்டை நெஞ்சில் விழுந்து செத்தான். ஆஸ்பத்திரியில் ராஜரத்தினம் சொன்னது வேறு. "பெடியன் தவிடு வாங்க வந்தவன். வந்த இடத்தில விழுந்திட்டான்." அங்கே மூட்டை தூக்கியவன் எவனுக்கும் பெயர்ப் பதிவு கிடையாது. சம்பளம் கையில். கடதாசி ஒன்றும் இல்லை. தொழில் திணைக்களக் கந்தோரில் விசாரணைக்கு நாள் வைத்திருந்தார்கள். சிவகரன் அந்த மில்லில் வேலை செய்தவன் என்று காட்ட அவளிடம் இருந்தது அந்தப் படம் மட்டும்.

படத்தை இரண்டு மாதம் முன்னர் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பியவன் விதுசன். அவனும் அங்கேதான் மூட்டை தூக்குகிறான்.

நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிவகரன் சாரத்தை மடித்துக் கட்டி, பலகையில் பாதி ஏறி நிற்கிறான். பிடரியில் மூட்டை. கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது. பலகை அவன் காலடியில் வளைந்திருக்கிறது. பின்னாலே சுவரில் 'ராஜம் அரிசி ஆலை' என்று பச்சை எழுத்து. கடைசி இரண்டு எழுத்தை மூட்டை மறைக்கிறது. முகம் மற்றப் பக்கம். ஒரு காதும் கன்னத்தில் கொஞ்சமும்தான் தெரிந்தது.

என்னுடைய ஐயாவும் வவுனியாவில் மூட்டை தூக்கியவர். எழுபது கிலோ பிடரியில் ஏறினால் ஒரு மனிசன் எப்படி நிற்பான் என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அந்தப் படத்தில் பாரம் இருந்தது.

முதலில் படத்தைத் துப்புரவாக்கினேன். இருட்டைக் கொஞ்சம் எடுத்தேன், புள்ளி புள்ளியாக இருந்ததைத் துடைத்தேன். புதிதாக ஒன்றும் சேர்க்கவில்லை. ஒரு படம் என்றால் அவ்வளவுதான். பிழை வந்தால் பிழை ஒரு இடத்தில் நிற்கும். அந்த இடத்தைப் பார்த்து அழிக்கலாம். பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன்.

யதுர்ஷிகா அதை வாங்கிப் பார்த்தாள். "அண்ணான்ர முகமே இல்லையே. இதைக் கொண்டுபோனா முதலாளி 'இது ஆற்ர காது' எண்டு கேப்பார்."

"கேக்கட்டும். காதுக்குப் பேர் எழுதியே ஒட்டுறது?" என்றாள் சுமித்திரா.

யதுர்ஷிகா என் பக்கம் திரும்பினாள். "அண்ணை, நீங்கள் படத்தை ஆடவைக்கிறியளாமே? அண்ணான்ர முப்பத்தோராம் நாளுக்கு ரீவீயில போட ஒண்டு செய்து தாங்கோ. இந்தப் பக்கம் திரும்பிச் சிரிக்கிற மாதிரி."

செய்வேன் என்று சொன்னேன். கிளிநொச்சியில் அப்போது அந்த வேலைதான் ஓடிக்கொண்டிருந்தது. செத்த ஆட்கள் எல்லாரும் என் கம்பியூட்டரில் ஒருக்காச் சிரித்துவிட்டுத்தான் போனார்கள்.

படத்தை ஏற்றி, என்ன நடக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். பலகையில் ஏற வேண்டும், திரும்பிப் பார்க்க வேண்டும், சிரிக்க வேண்டும். ஐந்து செக்கன். செக்கனுக்கு இருபத்துநாலு படம், மொத்தம் நூற்றிருபது. அதில் முதலாவது மட்டும்தான் விதுசன் எடுத்தது. மிச்சம் நூற்றுப் பத்தொன்பதும் ஏஐ தானாக ஊகித்துக் கீறுவது. சிவகரன் ஒரு அடி நகர்ந்தால் அவனுக்குப் பின்னால் மறைந்திருந்த சுவர் வெளியே வரும். அந்தச் சுவர் எப்படியிருந்தது என்று அதற்குத் தெரியாது. முகத்தைத் திருப்பினால் மற்றக் கன்னம் வரும். அதுவும் தெரியாது. ஆனால் தெரியாது என்று அது சொல்லாது. எதையாவது வைத்து நிரப்பும்.

முதல்தரம் மூட்டை தோளோடு ஒட்டிச் சதையாகிவிட்டது. இரண்டாம் தரம் நடுப் பலகையில் மூன்றாவது கால் ஒன்று முளைத்து மறைந்தது. இதை ஒற்றைப் படம்போல உள்ளே போய் அழிக்க ஏலாது. ஒரு படத்தில் அழித்தால் அடுத்ததில் நிற்கும், ஓடவிட்டால் துடிக்கும். எறிந்துவிட்டுத் திரும்பக் கேட்க வேண்டியதுதான். நாலாம் தரம் சரிவந்தது. அதாவது, பார்க்கிறவன் பிழை பிடிக்காத அளவுக்கு வந்தது.

யதுர்ஷிகா அழுதாள். "அண்ணாதான். அப்பிடியே அண்ணாதான்."

சுமித்திரா மூன்று தரம் போடச் சொன்னாள். பிறகு சொன்னாள்: "இவர் இப்பிடி ஏறமாட்டார். நடுவில ஒருக்கா நிண்டு, குதிக்காலை ஊண்டி, மூச்செடுத்துப்போட்டுத்தான் மற்ற அடி வைப்பார். இது பஞ்சு மூட்டை தூக்கினவன்ர நடை."

அவள் சொன்னது சரி. பலகை வளைந்தபடியே உறைந்திருந்தது; அவன் நடக்க நடக்க அசையவில்லை. பாரம் முதல் படத்தில் மட்டும்தான் இருந்தது. எனக்கும் தெரிந்ததுதான்.

யதுர்ஷிகா கடைசி இடத்தில் நிற்பாட்டச் சொன்னாள். முகம் முழுதாகத் திரும்பி, நேரே பார்த்துச் சிரிக்கிற இடம். "இதைப் பிரிண்ட் எடுங்கோ அண்ணை. விசாரணைக்கு இதையும் குடுப்பம். இதில ஆளை வடிவாத் தெரியுது."

அங்கேதான் நான் மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வேலை செய்தவனை வேலை செய்யவில்லை என்று சொல்கிறவனுக்கு முன்னால் ஒரு முகம் வைப்பதில் என்ன பிழை என்று நினைத்தேன். முகத்தை மட்டும் பார்த்தேன். நூற்றிருபதாவது படத்தைப் பிரிண்ட் எடுத்தேன். அதோடு விடாமல் புத்தியும் சொன்னேன்.

"கேட்டா ரெண்டும் அடுத்தடுத்து எடுத்ததெண்டு சொல்லுங்கோ."

சுமித்திரா என்னைப் பார்த்தாள். "பொய்யே அண்ணை?"

"முதலாளி சொல்லுறது மட்டும் உண்மையோ?"

விசாரணைக்கு நானும் போனேன். ராஜரத்தினம் வெள்ளைச் சேட்டோடு, நெற்றியில் விபூதியோடு வந்திருந்தார். சுமித்திராவைக் கண்டதும், "சாப்பிட்டியோ பிள்ளை?" என்றார். அவள் படங்களை எடுத்து மேசையில் வைத்தாள்.

அதிகாரி அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இது ரெண்டும் எப்ப எடுத்தது?"

"அடுத்தடுத்து எடுத்தது மிஸ்," என்றாள் சுமித்திரா.

ராஜரத்தினம் எட்டிப் பார்த்தார். அவசரப்படவில்லை. "மிஸ், சுவரில என்ன எழுதியிருக்கெண்டு ஒருக்கா வாசியுங்கோ."

அம்மா முதல் படத்தை வாசித்தார். "ராஜம் அரிசி..." பிறகு இரண்டாவதைக் கையில் எடுத்தார். கிட்டப் பிடித்தார். தூரப் பிடித்தார்.

அப்போதுதான் நானும் பார்த்தேன். பச்சை நிறம் அப்படியே இருந்தது. ஆனால் அது எழுத்தில்லை. தமிழ் எழுத்துப்போல வளைவு, சுழி, கொம்பு எல்லாம் இருந்தது. எந்த வளைவும் ஒரு எழுத்தாகவில்லை. மூட்டை மறைத்த இடத்தை நிரப்பப் போய், மறைக்காத எழுத்தையும் அது உருக்கிவிட்டிருந்தது. பலகையும் அகன்று, ஆள் இருக்கிற வாங்கு மாதிரிக் கிடந்தது.

"என்ர மில்லுக்கு இது எந்த ஊர்ப் பேர் மிஸ்?" என்றார் ராஜரத்தினம். அவரோடு வந்த கணக்கப்பிள்ளை சிரித்தான். "முதலாளி, இதை வாசிக்கக் கல்வெட்டுப் பாக்கிற ஆக்களைத்தான் கூப்பிடோணும்."

நான் எழும்பினேன். "மிஸ், பிழை என்னில. இரண்டாவது வீடியோவில இருந்து எடுத்தது. நான் செய்தது. ஆனா முதலாவது உண்மையான படம். போனில இருக்கு, அனுப்பின திகதியும் இருக்கு."

"அப்ப அடுத்தடுத்து எடுத்ததெண்டு அவா சொன்னது?"

"நான்தான் சொல்லச் சொன்னனான்."

அம்மா பேனையை வைத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "தம்பி, முதலாவது மட்டும் வந்திருந்தா நான் இவரிட்டத்தான் கேள்வி கேட்டிருப்பன். 'உங்கட சுவர்தானே, ஆர் இந்த ஆள்' எண்டு. இப்ப நான் எதை நம்பிக் கேக்கிறது? படம் எடுத்த ஆளைக் கூட்டிவாங்கோ. அவர் சொன்னா எழுதுறன்."

"இந்தக் காலத்தில எல்லாம் கம்பியூட்டர்தான் மிஸ்," என்றார் ராஜரத்தினம். "முதலாவதையும் இந்தத் தம்பிதான் செய்தாரோ, ஆர் கண்டது?"

பின்னேரம் நானும் சுமித்திராவும் விதுசனைத் தேடிப் போனோம். வேலியைத் திறக்காமலே நின்று கதைத்தான். பிடரியில் மூட்டைத் தழும்பு கறுத்துக் கிடந்தது.

"அக்கா, எனக்கும் ரெண்டு பிள்ளையள். நான் சொன்னா நாளைக்கு எனக்கு அங்க வேலை இல்லை."

"நீ எடுத்த படந்தானேடா?"

"ஓம் அக்கா."

"அதை அங்க வந்து சொல்லன்."

அவன் வேலிக் கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றான். கடைசியாகச் சொன்னது என்னிடம். "அண்ணை, உள்ளதைக் குடுத்திருந்தா என்னைக் கேட்டிருக்கமாட்டினமெல்லே."

முப்பத்தோராம் நாள். சுமித்திரா வீட்டு முற்றத்தில் தகரப் பந்தல். ரீவீயில் என்னுடைய ஐந்து செக்கன் திரும்பத் திரும்ப ஓடியது. அவன் ஏறினான், திரும்பினான், சிரித்தான். உடனே வெட்டி முதல் படத்துக்கு வந்து முகத்தை மற்றப் பக்கம் வைத்துக்கொண்டான். வந்த சனம் பார்த்து உச்சுக்கொட்டியது. "உயிரோட நிக்கிற மாதிரியெல்லே கிடக்கு."

மதியம் ராஜரத்தினத்தின் லான்ட்மாஸ்ரர் உழவுயந்திரம் வந்து ஒழுங்கையில் நின்றது. ராஜரத்தினம் இறங்கினார். பின்பெட்டியில் ஒரு மூட்டை அரிசி. அதை இறக்க வந்தவன் விதுசன்.

ராஜரத்தினம் ரீவீயை நின்று பார்த்தார். "நல்லாச் செய்திருக்கிறாய் தம்பி. பாருங்கோவன், என்ன சந்தோசமா ஏறுறான்." பிறகு விதுசனுக்குக் கையைக் காட்டினார். "கொண்டுபோய்க் குசினியில வை."

விதுசன் குனிந்து மூட்டையைப் பிடரியில் வாங்கினான். ஒழுங்கைக்கும் முற்றத்துக்கும் நடுவில் வாய்க்கால் மேலே போட்ட தென்னங்குற்றியில் கால் வைத்தான். நடுவில் ஒருக்கா நின்றான். குதிக்காலை ஊன்றினான். மூச்செடுத்தான். பிறகுதான் மற்ற அடி வைத்தான்.

சுமித்திரா ரீவீயைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் ஐந்து செக்கனில் இல்லாதது அவ்வளவும் அந்தக் குற்றியில் நடந்தது.

"வைக்க வேண்டாம்," என்றாள். "திருப்பிக் கொண்டுபோகச் சொல்லுங்கோ."

"பிள்ளை, நான் மனசாரத் தாறது..."

"தவிடு வாங்க வந்தவன்ர வீட்டுக்கு மில்காரர் ஏன் அரிசி தரோணும்?"

சனம் ராஜரத்தினத்தைத் திரும்பிப் பார்த்தது. ராஜரத்தினத்தின் முகம் சிவந்தது. திரும்பி லான்ட்மாஸ்ரருக்கு நடந்தார்.

முற்றத்து நடுவில் விதுசன் மூட்டையோடு நின்றான். இறக்கச் சொல்லவும் ஆள் இல்லை, ஏற்றச் சொல்லவும் ஆள் இல்லை. கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு வந்தது. "அக்கா," என்றான் மெதுவாக. அவள் அசையவில்லை. அவன் அப்படியே திரும்பி, அதே எழுபது கிலோவோடு அதே குற்றியில் திரும்பவும் ஏறினான். நடுவில் நின்றான். குதிக்காலை ஊன்றினான்.

பின்னாலே ரீவீயில் சிவகரன் சிரித்தான்.