மேலே ஏறிய சிவப்பு

கழுத்து சுளுக்கிக்கொண்டால் நல்லது. அப்போதாவது கீழே பார்ப்பான்.

தையல் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்தபடி அக்கா இதை மனத்துக்குள் சொல்லிக்கொண்டாள். எதிர்ப்பக்கம், மருந்துக்கடையின் நிழலில், தம்பி கைகளைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து நின்றிருந்தான். அவன் பார்த்துக்கொண்டிருந்தது சொந்தக் கடையின் பெயர்ப்பலகையை. காலையிலிருந்து இது நான்காவது முறை. தான் எழுதியதை ஊர் எப்படிப் பார்க்கிறது என்று பார்க்கிறானாம். ஊருக்கு வேறு வேலை இருந்தது.

அப்பாவுக்கு மூட்டு அறுவை சிகிச்சை முடிந்து மாடியில் படுக்கவைத்த மூன்றாம் நாளே பழைய பலகை கீழே இறங்கிவிட்டது. முப்பது வருடத்துக்கு முன்பு அப்பா தன் கையால் எழுதியது அது. மஞ்சள் அடித்த தகரத்தில், 'பை தைக்கப்படும்', 'குடை ரிப்பேர்' என்று இரண்டு ஓரத்திலும் கறுப்பில் சின்னதாக. நடுவில் ஒரு அடி உயரத்துக்கு, பூசணிக்காய் பருமனில், ரத்தச் சிவப்பில் 'ஜிப்'. கடைக்குப் பெயர் என்று ஒன்று வைக்கவே அவருக்குத் தோன்றவில்லை. பேருந்தில் போகிறவன் தலையைத் திருப்பும் நேரத்துக்குள் படிக்க அந்த ஒரு வார்த்தை போதும் என்று விட்டுவிட்டார். எல்லோருக்கும் அது ஜிப் கடை.

வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் ஜிப்புக்குத்தான் வந்தார்கள். அந்த எட்டும் அக்காவின் மேசைக்கு வரும். ஜிப்பில் ஓடும் ரன்னர் தளர்ந்திருந்தால் அதைக் குறடால் இரண்டு பக்கமும் அளவாக நெருக்குவாள். பல் போன ஜிப்பைத் தையல் பிரித்தெடுத்துப் புதியதை வைத்து ஓட்டுவாள். பதினாறு வருடமாக அது அவள் வேலை. தம்பி கல்லாவில் உட்காருவான். அவனால் கடையில் தேய்ந்த ஒரே பொருள் அந்த நாற்காலி.

"ஜிப்புன்னு எழுதி வச்சா எவன் மதிப்பான்? பேர் வேணும்க்கா, பேர்" என்றான். அந்தப் பேரை ஒரு வாரம் கைப்பேசியில் தேடினான். 'எலிகன்ஸ்' என்று மேலே. கீழே, 'பயண உடைமைப் பராமரிப்பு மையம்'. எழுத்தைக் கம்ப்யூட்டரில் அடித்து, தாள் தாளாக எடுத்து ஒட்டி, பின்பக்கம் சாக்பீஸைத் தேய்த்து, பலகை மேல் விரித்துப் பேனாவால் அழுத்தி ஓரம் வரைந்தான். அதில் குறை சொல்ல முடியாது. ஓரம் அச்சாக விழுந்தது. ஆனால் கொடி மாதிரி வளைந்து நெளிந்த அந்த எழுத்தில் கோடு விரல் பருமன்கூட இல்லை. மேசையில் வைத்துப் பார்க்கும்போது அழகுதான். பன்னிரண்டு அடி உயரத்தில் மாட்டியதும் எறும்பு ஊர்ந்த தடமாகிவிட்டது.

அதற்கு முன்னால் செய்ததுதான் பெரிய கூத்து. பழைய எழுத்தை உப்புத்தாளால் இரண்டு இழுப்பு இழுத்தான். சந்தன நிற எனாமலில், ஒரே டப்பாவில் பலகை முழுவதும் முடியவேண்டும் என்று, தின்னரைத் தண்ணீர்போல ஊற்றினான். அதை நேராக அந்தச் சிவப்பின் மேல் அடித்தான்.

"நடுவுல அலுமினியம் பெயின்ட் ஒரு கோட் குடுத்துட்டு அடிடா. இல்லன்னா சிவப்பு மேல ஏறும்" என்று அக்கா சொன்னாள். கடை ஷட்டரை ஒரு முறை அவளே பெயின்ட் அடித்துக் கெடுத்து, அப்புறம் தெரிந்துகொண்ட விஷயம். தின்னர் பட்டால் பழைய சிவப்பு இளகும். மேலே அடித்த வெளிர் நிறத்துக்குள் கசியும்.

"நீ ஊசியைப் பாரு. இது டிசைன்."

அதோடு அவள் வாயை மூடிக்கொண்டாள். பொறுமை என்று யாராவது நினைத்திருக்கலாம். அவளுக்குத் தெரியும், அது பொறுமை இல்லை. அவன் வழுக்கி விழுவதைப் பார்க்க முன்வரிசையில் இடம் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். தனக்குள் இப்படி ஒருத்தி சப்பணமிட்டு உட்கார்ந்திருப்பது அவளுக்கு வெட்கமாக இருந்தது. எழுந்து போகச் சொல்லவும் மனம் வரவில்லை.

பலகை ஏறிய அன்று, பள்ளிக்கூடப் பையோடு ஒரு பெண் கடையைத் தாண்டிப் போனாள், திரும்பி வந்தாள், மறுபடி தாண்டினாள். கடைசியில் எதிரே நின்ற தம்பியிடமே கேட்டாள். குறுகலான தெரு, பேச்சு இந்தப் பக்கம் கேட்டது.

"இங்க ஜிப் கடை ஒண்ணு இருந்துச்சே, காலி பண்ணிட்டாங்களா?"

"அதான்மா இது. பேர் மாத்தியிருக்கோம்."

அந்தப் பெண் உதட்டை அசைத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். கையில் இருந்த பையைப் பார்த்தாள். இது சாதாரணப் பை, இவ்வளவு பெரிய இடத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் ஒரு பெரியவர் உள்ளே வந்து, வெளிநாட்டுக்கு டிக்கெட் போடுவீர்களா என்று கேட்டார். மூன்றாம் நாள் ஒருவர் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டுத் தயங்கி நின்றார். ஏசி இருக்கும் என்று நினைத்தாராம். பதினாறு வருடத்தில் அந்தக் கடைக்குள் யாரும் செருப்பைக் கழற்றியதில்லை. நான்கு நாளில் அக்காவின் மேசைக்கு வந்தவை மூன்றே பைகள்.

தம்பிக்கு அதிலும் ஒரு பெருமை. தரமான ஆட்கள் வர நாளாகும் என்றான். பழைய கூட்டம் கழிவது நல்லதுதானாம். மதியச் சாப்பாட்டில் மீதியையும் சொன்னான்: ஜிப் வேலையே இனி வேண்டாம், பெட்டி வாங்கி விற்கலாம், முன்னால் கண்ணாடி ஷோகேஸ் வரும்.

"மெஷின்?" என்றாள்.

"பின் ரூம்ல போட்டுக்கலாம். இல்லன்னா குடுத்துடலாம். உனக்கும் முதுகு வலிக்குதில்ல."

அவள் முதுகுவலி அவனுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது. சோற்றைப் பிசைந்தபடி அவனைப் பார்த்தாள். இவன் என் மேசையைத் தூக்கப்போகிறான், அதையும் கரிசனமாகத் தூக்கப்போகிறான். அந்தக் கரிசனம்தான் அவளுக்குச் சகிக்கவில்லை.

ஐந்தாம் நாள் வெயில் உச்சிக்கு வந்தபோது பலகை நடுவில் ஒரு சிவந்த தழும்பு தெரிந்தது. தம்பி ஏணி வைத்து ஏறி, அழுக்கு என்று நினைத்துத் துடைத்தான். துடைக்கத் துடைக்க அது வெளுக்கவில்லை. அன்று சாயங்காலமே எழுத்தைச் சுற்றி இன்னொரு கோட் அடித்தான், இன்னும் கொஞ்சம் தின்னர் விட்டு. அது சிவப்புக்கு விருந்து வைத்த மாதிரி ஆயிற்று. இரண்டு நாளில் 'எலிகன்ஸ்' என்ற கொடிகளுக்கு அடியில், அகலமாக, ரோஜா நிறத்தில், அப்பாவின் 'ஜிப்' முழுதாக எழுந்து நின்றது. எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் அது ஒன்றுதான் படிக்க முடிந்தது.

அன்றே ஆறு பேர் வந்தார்கள். பள்ளிக்கூடப் பைப் பெண்ணும் வந்தாள். "கடை இங்கதான் இருக்கா! பெயின்ட் அடிச்சது பாதியில நிக்குது போல. சீக்கிரம் முழுசா எழுதச் சொல்லுங்க" என்று தம்பியைப் பார்த்தே சொன்னாள். அவன் கல்லாவைத் திறந்தான், மூடினான். அக்கா ரன்னரை நெருக்கிக் கொடுத்தாள். சிரிக்கவில்லை. சிரித்தால் அவன்மேல் இரக்கம் வந்துவிடும் என்று பயமாக இருந்தது.

கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து அவன் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். குரல் இறங்கியிருந்தது.

"அக்கா, ஞாயித்துக்கிழமை அப்பா படியிறங்கி வர்றாரு. அதுக்குள்ள அந்த அலுமினியம் கோட்ட நீயே அடிச்சுக் குடுத்துடேன். எழுத்து நான் போட்டுக்கிறேன். உனக்குக் கை ஆடாது."

ஒரே ஒரு கோட். அவளால் ஒரு மணி நேரத்தில் அடித்துவிட முடியும். அதன்பிறகு சிவப்பு எந்த வெயிலுக்கும் மேலே வராது. ஜிப் கடை என்று கேட்டு வருகிறவர்களும் வரமாட்டார்கள். பின்னறையில் அவள் மெஷினுக்கு ஒரு மூலை கிடைக்கும், அதுவும் கிடைத்தால். அவள் மேசையைத் தூக்க, அவள் கையையே கேட்கிறான். கேட்பது இன்னதென்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. பாவம் என்று நினைக்க முயன்றாள். வரவில்லை.

"அடிக்க மாட்டேன்டா" என்றாள்.

"ஏன்க்கா? ஒரு மணி நேர வேலை."

"மாட்டேன்."

சத்தமாகச் சொல்லவில்லை. அவள் ஒரு பையின் பழைய தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள்.