திருப்பி வைத்த தூண்கள்

"கார் நுழையணும்ல மேடம், கீழ்த்தளத் தூணையெல்லாம் திருப்பிட்டோம். கம்பி, சிமெண்ட் எல்லாம் அதேதான்," என்று சிரித்தார் ராஜகீழ்ப்பாக்கம் அடுக்குமாடியின் கான்ட்ராக்டர் ஏகநாதன்.

அந்தக் கட்டடத்தை வடிவமைத்த பொறியாளர் நான். ஒன்பது அங்குலத்துக்கு இரண்டடித் தூண்கள். நான் கட்டடத்தின் குறுக்கே வைத்த நீளப் பக்கம் இப்போது நெடுக்கே நின்றது. குறுக்குவாட்டில் வளையாமல் தாங்கும் ஒவ்வொரு தூணின் விறைப்பும் ஏழில் ஒரு பங்காகியிருந்தது. மேல்தளங்களைச் சுவர்களாவது பிடித்துக்கொள்ளும். பார்க்கிங்கில் சுவரே இல்லை.

மடிக்கணினியில் நிலநடுக்க விசையைக் கொடுத்துப் பார்த்தேன். அந்தத் தளம் பக்கவாட்டில் பன்னிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் நகரக்கூடாது. நாற்பத்தொன்று வந்தது.

"அறிவிருக்கா உங்களுக்கு? யாரையும் குடி வைக்காதீங்க!"

அவர் மேலே நிமிர்ந்து பார்த்தார். "காலைலதான் மேடம், மூணு வூட்ல பால் காய்ச்சினாங்க."

தலைக்கு மேலே யாரோ கட்டிலை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.