சிரிக்காத மண்டூர்

கடல் கடந்து வந்த எங்கள் மதுரைக் கம்பெனிக்கு மண்டூரில் முதல் நாடகம். கோமாளியான நான், வீட்டோடு மாப்பிள்ளையாகப் படும் பாட்டைச் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. இடைவேளைக்குப் பிறகும் அதே வேடம்தான். அப்போதும் சிரிப்பு வராவிட்டால் ஊருக்குக் கப்பலேற்றிவிடுவதாக முதலாளி சொன்னார்.

"அவசரப்பட்டியாடா?" என்று குடைந்தார். நிறுத்தி நிதானமாகத்தான் சொன்னேன். கதையை எடுத்த விதமும் வழக்கம்போலத்தான். நம் பேச்சு புரியவில்லையோ? முந்தைய வேடிக்கைக்கு விழுந்து விழுந்து சிரித்தார்களே.

திரை இழுக்கும் உள்ளூர்க்காரர் கனகசிங்கத்தைக் கேட்டேன்.

"கலியாணம் முடிச்சா பொஞ்சாதி வீட்டிலதானே இருக்கிற? நாங்க எல்லாரும் அப்பிடித்தான். இதில சிரிக்க என்ன கிடக்கு?"

திரை விலகியது. கலியாணம் முடிந்தும் அம்மா வீட்டைவிட்டு வரமாட்டேனென்று அடம்பிடிக்கும் மாப்பிள்ளையானேன். சிரிப்பில் கொட்டகை அதிர்ந்தது.

முதலாளி மட்டும் விழித்தார். "இதிலே சிரிக்க என்னடா இருக்கு?"