டீச்சரம்மா வாங்கிய புது அரிசி

இருபது வருஷமாக என் அரிசிக் கடைக்கு வரும் டீச்சரம்மா என் பொறுமையைச் சோதிக்கவே பிறந்தவர். ஒரு வருஷம் பழசான புழுங்கல்தான் வேண்டும். தீட்டித் தீட்டி வெளுத்தது ஆகாது. தவிடு ஒட்டிய அரிசியில் சீக்கிரம் வண்டு விழும் என்று மாதம் பத்து கிலோவுக்கு மேல் வாங்கவும் மாட்டார். ஒருமுறை தெரியாமல் புது அரிசியைக் கொடுத்துவிட்டேன். மறுநாளே பையோடு வந்து நின்றார்.

"சோறு களி மாதிரி இருக்கு. எங்க வீட்டுக்காரர் தட்டைத் தள்ளிட்டு எழுந்துட்டார்."

அப்படிப்பட்டவர் போன மாதம் வந்து, "பச்சரிசி குடுங்க. புதுசா, நல்லா தீட்டினதா, அஞ்சு கிலோ" என்றார்.

எனக்குச் சுர்ரென்று வந்தது. "குழைஞ்சு போகும். அப்புறம் என்கிட்ட சண்டைக்கு வராதீங்க."

"குழையட்டும். அவருக்கு இப்ப எதுவும் தொண்டையில இறங்கல."

என் வியாபார வாய் சும்மா இருக்கவில்லை. "அப்ப மூட்டையாவே எடுத்துக்குங்க. மிஞ்சினாலும் ஒரு வருஷத்துல நல்லா பழசாயிடும்."

அவர் பையை நீட்டினார். ஐந்து கிலோதான் எடுத்துப்போனார்.

மூன்று வாரம் கழித்து இன்று வந்தார். வழக்கமான பழைய புழுங்கலைப் பத்து கிலோ நிறுக்கப் போனேன்.

"மூணு போதும். இனி நான் ஒருத்திக்குத்தானே" என்றார்.

மூன்று கிலோவை நிறுத்துக் கட்டினேன். "அந்தப் பச்சரிசி மீதி இருந்தா கொண்டாங்க, மாத்தித் தரேன்."

"வேண்டாம். டப்பாவுல போட்டு மூடிட்டேன். பழசாகட்டும். அவருக்கு உதிரியா இருந்தாத்தான் பிடிக்கும்."