தண்ணீரில் எடைபோட்ட வளையல்

வியாழக்கிழமை ஏலம் என்று நோட்டீஸ் வந்ததும் தையல்காரி அடகுக் கம்பெனியில் எழுத்துமூலம் ஆட்சேபம் கொடுத்துவிட்டாள். செத்துப்போன மாமியாரின் கெட்டி வளையலை, உள்ளே அரக்கு இருப்பதாக ஆறு கிராம் கழித்து மதிப்பிட்டிருந்தார்கள். அந்தக் கணக்கில் ஏலம் போனால் அடிமாட்டு விலைதான்.

மேலாளர் அவள் கண்ணெதிரே வளையல் இருந்த பொட்டலத்தின் முத்திரையை உடைத்தார். உள்ளே அரக்கு உண்டா என்று பார்க்க, மதிப்பீட்டாளர் வளையலைத் தராசில் நூலால் கட்டி, தண்ணீர்க் கிண்ணத்துக்குள் தொங்கவிட்டு எடைபோட்டார்.

“கையை எடுங்கம்மா, எடை ஆடுது.”

“என் கை மடியில இருக்கு சார்.”

கிண்ணத்துக்குள் ஒரு கிழட்டுக் கை வளையலைச் சாவகாசமாக உருட்டிக்கொண்டிருந்தது.

“எங்க அத்தை. காய் வாங்கினாக்கூட தராசை அவங்களே பிடிச்சுப் பாக்கணும். விடுங்க அத்தை, சார் பாக்கட்டும்.”

கை விலகியது. முள் நின்றது.

“அரக்கே இல்ல, முழுக்கத் தங்கம்,” என்றார் மதிப்பீட்டாளர், வெளிறிப்போய். “சோதிக்காம வழக்கம்போல கழிச்சுட்டேன்.”

மேலாளர் ஏலத்தை நிறுத்தினார். “திருத்தின மதிப்புல புது நோட்டீஸ் வரும். அதுக்குள்ள கடனைக் கட்டி மீட்டுக்குங்க. இல்லேன்னா ஏலம்தாம்மா.”

“கட்டிடறேன். அதுவரைக்கும் அத்தை இங்கேயே இருக்கட்டும்.”

மேஜைமேல் ஈர விரல் தடங்கள் ஒவ்வொன்றாக லாக்கர் அறையை நோக்கிப் போயின. மேலாளர் எழுந்து கதவைத் திறந்துவிட்டார்.