கடிதத்தில் மூன்றாவது வரி

"ரெண்டு பேரும் சேர்ந்தே வாங்க டீச்சர்" என்று ஆடிட்டர் போனில் சொன்னது அவளுக்குப் புரியவில்லை. கணவரின் வரி விவகாரத்தில் பள்ளிக்கூட டீச்சருக்கு என்ன வேலை?

அவர் பதினாறு வருஷம் வெளிநாட்டுத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். திரும்பி வந்து மூன்று வருஷம் ஆகிறது. வந்த புதிதில் இருந்த வரிச் சலுகை முடிந்துவிட்டது. வெளிநாட்டில் என்ன இருந்தாலும் இந்த வருஷத்திலிருந்து வருமான வரி ரிட்டர்னில் காட்டியாக வேண்டும். அதற்காக ஞாயிறு முழுக்க உட்கார்ந்து ஆடிட்டருக்குக் கடிதம் எழுதி, காகிதங்களையும் இணைத்து அவரே போய்க் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த சின்ன அறையில் ஃபைல்களுக்கு நடுவே ஆடிட்டர் அம்மா அந்தக் கடிதத்தை விரித்து வைத்திருந்தார்.

"சார், ரூம்மேட்டுக்குக் குடுத்த சைக்கிளைக் கூட எழுதியிருக்கீங்க. அதெல்லாம் வேண்டாம்."

"ஒண்ணு விடாம எழுதச் சொன்னீங்களேம்மா!"

அவள் சிரித்துவிட்டாள். இந்த மனுஷனுக்கு எதிலும் அப்படியொரு ஒழுங்கு.

"ஒண்ணாவது சம்பளக் கணக்கு. ரெண்டாவது கம்பெனி சேமநிதி. நாலாவது ஷேர். இதெல்லாம் சரி. மூணாவது, இந்த பேங்க் கணக்குதான் சிக்கல்." ஆடிட்டர் அவள் பக்கம் திரும்பினார். "இது உங்க ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு. எங்கிட்ட ஏன் சொல்லவே இல்ல டீச்சர்?"

"எனக்கா? வெளிநாட்டுல கணக்கா?"

கணக்கு தொடங்கிய தேதியில் ஆடிட்டரின் விரல் நின்றது. அந்த மாதத்தை அவள் மறக்கவே முடியாது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, லீவில், அவரைப் பார்க்கப் போயிருந்தாள். எலும்பு வரை குளிரும் ஒரு பேங்கில் நாலைந்து இடத்தில் கையெழுத்துப் போட்டாள். 'விசாவுக்குத்தான்' என்றார். போட்டாள். அவர் காட்டிய இடத்திலெல்லாம் போடுகிற காலம் அது.

"உனக்காகத்தான் போட்டு வச்சேன்" என்றார் கணவர். "நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா உனக்கு வரட்டும்னு."

"நல்ல எண்ணம்தான் சார்" என்றார் ஆடிட்டர். "ஆனா அங்க இருந்த வரைக்கும் நீங்க இங்க எதையும் காட்ட வேண்டியதில்ல. டீச்சர் இங்கயேதான் இருந்தாங்க. வருஷா வருஷம் ரிட்டர்ன் போட்டாங்க. அதுல 'வெளிநாட்டுல கணக்கு இல்ல'ன்னு சொல்லியிருக்காங்க. மறைச்சது யாருன்னு கேட்டா, சட்டப்படி அவங்கதான். அபராதம் சின்னத் தொகையும் இல்ல."

அவள் பேங்க் ஸ்டேட்மென்ட் கட்டைப் புரட்டினாள். பணம் எங்கிருந்து வந்தது என்று காட்ட, சம்பளக் கணக்குக்கும் தொடங்கிய நாளிலிருந்து எல்லாப் பக்கங்களையும் ஆடிட்டர் கேட்டிருந்தார். கணவரும் ஒன்று விடாமல் இணைத்திருந்தார். அதே ஒழுங்கு.

சம்பளம். சம்பளம். சம்பளம். ஒரு மாதம் தவறவில்லை.

'கம்பெனி திவாலாகிற மாதிரி இருக்கு, ஆறு மாசமா சம்பளமே இல்ல' என்று அவர் போனில் அழுத அந்த ஆறு மாதமும் அதில் வரிசையாக இருந்தது. அப்பா கொடுத்த மனையை அவள் பாதி விலைக்கு விற்ற மாதங்கள். பள்ளி விட்டு வந்து ராத்திரி ஒன்பது வரை டியூஷன் எடுத்து, மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டிய மாதங்கள்.

"இது என்னங்க?"

அவர் மேஜையின் விளிம்பைப் பார்த்தார். "எல்லாத்தையும் அனுப்பினா எல்லாம் செலவாயிடும். வெறுங்கையோட வந்து நின்னா யாரு மதிப்பா? பயந்துட்டேன்."

"யாரு மதிக்க மாட்டாங்க? நானா?"

அவர் காகிதங்களை அடுக்கத் தொடங்கினார்.

ஆடிட்டர் தொண்டையைச் செருமினார். "ரெண்டு பேர் ரிட்டர்ன்லயும் இப்ப காட்டிடலாம். பழைய வருஷத்துக்குக் கேள்வி வந்தா, பணம் முழுக்க உங்களுது, டீச்சருக்கு எதுவுமே தெரியாதுன்னு நீங்க எழுத்துல தரணும் சார். காரணத்தோட."

"'அவளுக்குத் தெரியும், மறந்துட்டா'ன்னு எழுதினா போதாதா?" என்றார் கணவர் மெதுவாக. "நம்ம வீட்டு விஷயம் எதுக்கும்மா வெளியில..."

"நான் மறந்தேனா?" அவள் குரல் உயரவே இல்லை. "மாட்டிக்கிறது மட்டும் நானா? எழுதுங்க. ஆறு மாசம் சம்பளம் வந்ததையும் எழுதுங்க."

ஆடிட்டர் வெள்ளைத் தாளை நகர்த்தி வைத்தார். கணவர் வெகுநேரம் பேனாவை உருட்டினார். பிறகு எழுதினார். முத்து முத்தான அதே கையெழுத்து. 'என் மனைவிக்கு இது தெரியாது. சம்பளம் வரவில்லை என்று அவளிடம் நான் பொய் சொல்லியிருந்தேன்.'

பதினாறு வருஷத்தில் அவளுக்கு எத்தனையோ கடிதம் போட்டவர். உள்ளதை உள்ளபடி எழுதியது இந்த ஒன்றைத்தான். அதுவும் 'மதிப்பிற்குரிய ஆடிட்டர் அவர்களுக்கு' என்று.

அவள் தாளை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்க போற?"

"கீழ, ஜெராக்ஸ் கடைக்கு. எனக்கு ஒரு காப்பி வேணும்."